இழுபட்ட இன்டர்ன்ஷிப் சான்றிதழ்: கேட்ட விதத்தை மாற்றியதும் கிடைத்தது

கொழும்பு நிறுவனமொன்றில் ஆறு மாதப் பயிற்சி முடிந்து ஏழு வாரமாகியும் சான்றிதழ் வரவில்லை. “சேர்ட்டிபிகேட் எப்ப கிடைக்கும்?” என்று எச்.ஆருக்கு மூன்று முறை எழுதியும் ஒரே பதில்: “பார்க்கிறோம்.” தடை வேறிடத்தில் இருந்தது. மேற்பார்வையாளர் வேலையை விட்டுப் போயிருந்தார். பயிற்சி முடிந்ததை உறுதிப்படுத்த எச்.ஆரிடம் தாள் எதுவும் இல்லை.

நான்காவது மின்னஞ்சலைப் பிரிவுத் தலைவருக்கும் பிரதியிட்டு அனுப்பினேன். தலைப்பிலேயே முழுப்பெயரும் பயிற்சிக் காலமும். உள்ளே தேசிய அடையாள அட்டை இலக்கம், பிரிவு, பதவி, முன்னாள் மேற்பார்வையாளரின் பெயர், பல்கலைக்கழகம் கேட்கும் கடைசித் திகதி. இணைப்பில் நியமனக் கடிதமும், அந்த மேற்பார்வையாளர் கையொப்பமிட்ட பயிற்சித் தினக்குறிப்பின் கடைசிப் பக்கமும். அந்தப் பக்கம்தான் காரியத்தை முடித்தது.

சான்றிதழில் வரவேண்டிய வாசகத்தையும் நானே எழுதிக் கொடுத்தேன்:

“…என்பவர் 01.07.2024 முதல் 31.12.2024 வரை எமது கணக்குப் பிரிவில் பயிற்சியாளராகக் கடமையாற்றி, பயிற்சியைப் பூர்த்தி செய்துள்ளார்.”

“பூர்த்தி” என்ற சொல் விடுபட்டால் அது வெறும் சேவைக் கடிதமாகிவிடும். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும்; இனிஷலை மட்டும் போட்டால் திருத்தத்துக்கு மறுபடி அலைய வேண்டும். லெட்டர்ஹெட், வழங்கிய திகதி, கையொப்பமிடுபவரின் பதவி, சீல் ஆகியவற்றை வாங்கும் இடத்திலேயே சரிபார்த்துவிடுங்கள்.