கடை மேசையா, தச்சர் மேசையா? முழுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கடையில் 38,000 ரூபா என்று ஒட்டியிருக்கும் மேசையையும் தச்சர் சொல்லும் "கூலி 12,000" என்பதையும் பக்கத்துப் பக்கம் வைத்தால், தச்சர்தான் மலிவு என்று தோன்றும். அந்தக் கூலிக்குள் மரமும் இல்லை, பொலிஷும் இல்லை. 4 அடி நீளம், 2 அடி அகலம், இரண்டரை அடி உயரத்தில் ஒரு லாச்சி வைத்த படிப்பு மேசையை எடுத்துக்கொள்வோம். இங்கே வரும் விலைகள் உதாரணத்துக்கு மட்டும்தான். யாழ்ப்பாணத்து மரக்காலையில் இன்றைய விலையைக் கேட்டு மாற்றிப் போடுங்கள்.

முதலில் மரம். மரம் கன அடியில் விற்கப்படுகிறது. அகலத்தையும் தடிப்பையும் அங்குலத்திலும் நீளத்தை அடியிலும் பெருக்கி 144 ஆல் வகுத்தால் கன அடி வரும்.

மேற்பலகை: 24 × 1 × 4 ÷ 144 = 0.67
நான்கு கால்கள்: 3 × 3 × 10 ÷ 144 = 0.63
சட்டங்கள்: 4 × 1 × 12 ÷ 144 = 0.33
லாச்சி: ஏறத்தாழ 0.15

மொத்தம் ஏறத்தாழ 1.8 கன அடி.

அடுத்தது கழிவு. பலர் தவறவிடுவது இதைத்தான். சீவி முடித்த பிறகு ஒரு அங்குலம் நிற்கவேண்டுமென்றால் வாங்கும் பலகை அதைவிடத் தடிப்பாக இருக்கவேண்டும். வெடிப்பும் கணுவும் போகும். வைரத்தைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பகுதியையும் வெட்டி எறியவேண்டும், பூச்சி முதலில் அதில்தான் விழும். 30 வீதம் சேர்த்தால் 2.34 கன அடி. கன அடி 10,000 என்றால் மரத்துக்கு 23,400 ரூபா. வன்னியிலிருந்து நீங்களே முதிரை மரமோ பாலை மரமோ கொண்டுவருவதானால் பற்றுச்சீட்டும் கொண்டுசெல்லும் அனுமதிப்பத்திரமும் கையில் இருக்கவேண்டும்.

மிச்சச் செலவு. கூலி 12,000, பொலிஷ் 5,000, பூட்டு, கைபிடி, ஆணி, பசை எல்லாம் 3,600, வீட்டுக்கு ஏற்றும் வாகனம் 2,000. கூட்டினால் 46,000 ரூபா. மேசையின் அடிப்பக்கத்துக்கும் பொலிஷ் பூசச் சொல்லுங்கள். மேலே மட்டும் பூசினால் மாரியில் ஈரம் கீழால் ஏறி பலகை வளையும்.

கடை மேசைக்கு 38,000, ஏற்றுக்கூலி 2,000, ஆக 40,000. வித்தியாசம் 6,000 ரூபா.

இனி கடை மேசையைக் குனிந்து பாருங்கள். பலகையின் மேல்முகத்து ரேகை வெட்டுமுனையிலும் தொடர்ந்தால் அது முழுமரம். விளிம்பில் பட்டி ஒட்டியிருந்து, உள்ளே தூள் அமுக்கியதுபோலத் தெரிந்தால் அது அமுக்குப் பலகை. அதில் ஈரம் பட்டால் ஊதும், கழற்றி மாட்டினால் ஆணி பிடிக்காது. அப்படியென்றால் 6,000 கூடக் கொடுத்துத் தச்சரிடம் செய்விப்பேன். கடையிலேயே அதே மரம், முழுமரம் என்றால் தயங்காமல் கடையில் வாங்குவேன். வீட்டு மூலைக்கேற்ற அளவு தேவைப்பட்டால் மட்டும் தச்சரைத் தவிர வேறு வழியில்லை.

தச்சரிடம் கொடுத்தால், பொலிஷ் பூசுவதற்கு முதல் ஒருதரம் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். பச்சை மரம் என்றால் பாரமாக இருக்கும், பிறகு காய்ந்து பலகைகளுக்கிடையே நீக்கல் விடும். வெள்ளைப் பகுதியும் புட்டி அடைத்த இடமும் அப்போதுதான் தெரியும், பொலிஷ் ஏறிய பிறகு கண்ணில் படாது.