இதாவுக்குப் பின் இறந்தகாலம்: அரபு நிபந்தனை வாக்கியங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை வகுப்பில் ஒரு மாணவர் பலகையில் 'இதா தத்ருஸ் தன்ஜஹ்' என்று எழுதிவிட்டு, சரிதானே என்பதுபோல் திரும்பிப் பார்த்தார். 'நீ படித்தால் தேறுவாய்' என்று சொல்ல நினைத்திருக்கிறார். நான் படித்த காலத்தில் இதே வாக்கியத்தை, இதே நம்பிக்கையோடு எழுதியிருக்கிறேன்.

நமக்கு 'ஆல்' என்ற ஒரே விகுதி போதும். மழை பெய்தால், பொழுது விடிந்தால், நான் ராஜாவாக இருந்தால் என்று எல்லாவற்றையும் அதை வைத்தே ஓட்டிவிடுகிறோம். அரபு இந்த மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்றால் 'இன்'. நடக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு 'இதா'. நடக்காததைக் கற்பனை செய்ய 'லவ்'. இந்த மூன்றும் தமக்குப் பின்னால் வரும் வினையை ஒரே மாதிரி நடத்துவதில்லை. எழுத்துப்பிழை, உச்சரிப்பு எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். இங்கே சொல்லப்போவது தானாகச் சரியாகாதவற்றை.

இதாவுக்குப் பின் வரும் மாளியை இறந்தகாலமாகப் படிப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். இதாவுக்குப் பின்னால் பெரும்பாலும் மாளி, அதாவது இறந்தகால வடிவம் வரும். வடிவம்தான் இறந்தகாலம், பொருள் இனி நடக்கப்போவது.

வளைகுடாவில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் சேர்ந்த புதிதில், கடை வாடகை ஒப்பந்தம் ஒன்று என் மேசைக்கு வந்தது. அதில் ஒரு விதி: 'இதா தஅக்கரல் முஸ்தஃஜிரு அன் ஸதாதில் உஜ்ரதி, கான லில்முஅஜ்ஜிரில் ஹக்கு ஃபீ ஃபஸ்கில் அக்தி.' தஅக்கர என்றால் தாமதித்தார், கான என்றால் இருந்தது; அகராதி அப்படித்தான் சொல்கிறது. 'வாடகைதாரர் வாடகை செலுத்தத் தாமதித்தபோது, ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை கடை உரிமையாளருக்கு இருந்தது' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கடையை வாடகைக்கு எடுக்கவிருந்த தமிழர் மறுநாள் தாளோடு வந்து நின்றார். "தம்பி, நான் இன்னும் சாவியே வாங்கவில்லை. எப்போது தாமதித்தேன்?"

இருக்க வேண்டியது: 'தாமதித்தால், முறிக்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு.' அந்தப் பத்தியில் கானவுக்கு இறந்தகாலப் பொருளே இல்லை. மொழிபெயர்ப்புக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தத் தொகை என் சம்பளத்தில் கழிந்தது.

வெட்கம் என்னவென்றால், இதற்கான விடை தினமும் என் வாயில் இருந்தது. 'இன்ஷா அல்லாஹ்' என்பதில் உள்ள ஷாஅ, நாடினான் என்னும் மாளி வினை. ஆனால் நாம் அதை 'இறைவன் நாடினால்' என்று வருங்காலத்துக்குத்தான் சொல்கிறோம். இன்னுக்குப் பின் வரும் மாளிக்கும் இதாவுக்குப் பின் வரும் மாளிக்கும் இந்தக் குணம் பொது. இதைவிட வேடிக்கை, தமிழும் இதையே செய்கிறது. 'நாளை வந்தால்' என்பதைப் பிரித்துப் பாருங்கள்: வந்து, வந்தான் என்பவற்றில் உள்ள அதே இறந்தகால அடியின் மேல்தான் ஆல் உட்கார்ந்திருக்கிறது. நாளை நடப்பதற்கு இறந்தகால அடியா என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

நிபந்தனையே கடந்த காலத்தைப் பற்றியதாக இருந்தால், அரபு அதைக் 'கான', 'கத்' இரண்டையும் சேர்த்துக் காட்டும்: 'இன் கான கத் தஹப', அவன் ஏற்கெனவே போயிருந்தால். 'வந்தபோது' என்று நடந்து முடிந்ததைச் சொல்ல 'லம்மா' இருக்கிறது. நான் எழுதிய வாக்கியம் லம்மாவுக்குப் பொருந்தும், இதாவுக்குப் பொருந்தாது.

இனி அந்த மாணவரின் 'இதா தத்ருஸ்'. இதா ஜஸ்மு செய்யாது. முளாரிஃ, அதாவது நிகழ்கால, எதிர்கால வடிவத்தின் கடைசி உயிரை அது வெட்டாது. 'இதா தரஸ்த தன்ஜஹு' என்பதே சரி: முதலில் மாளி, பதிலில் உகரம் விழாத முளாரிஃ. பதிலிலும் மாளி வைத்து 'நஜஹ்த' என்று முடிக்கலாம். தவறு எங்கிருந்து வருகிறது என்று அவரிடம் கேட்டேன். ஏதோ ஒரு செய்தியில் 'இதா லம் யத்ருஸ்' என்று பார்த்தாராம். அங்கே கடைசி உயிரை வெட்டியது 'லம்' என்னும் எதிர்மறைச் சொல். பக்கத்தில் நின்ற இதாவின் மேல் பழி விழுந்துவிட்டது. நானும் இப்படித்தான் ஏமாந்தேன்.

இதாவையும் இன்னையும் மாற்றிப் போடுவதும் இதன் தம்பிதான். எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் இருந்த இலக்கண அறிஞர் சீபவைஹி, 'பேரீச்சங்காய் சிவந்தால் வருவேன்' என்பதை இதாவோடு சொன்னால் அழகு, இன்னோடு சொன்னால் அவலட்சணம் என்கிறார். காய் சிவக்கத்தான் போகிறது, அதில் சந்தேகத்துக்கு இடம் ஏது? இன்றைய எழுத்தில் இன் நிற்க வேண்டிய பல இடங்களையும் இதா பிடித்துக்கொண்டது. வினை வடிவம் மட்டும் மாறவில்லை.

இன்னுக்குப் பின் ஜஸ்மைப் பாதியில் விடுவது

இன் இரண்டு வினைகளையும் வெட்டும்: 'இன் தத்ருஸ் தன்ஜஹ்.' முதல் வினையை வெட்டிவிட்டு இரண்டாவதில் 'தன்ஜஹு' என்று முடிப்பவர்கள் ஏராளம். எவன், எது, எங்கே என்ற பொருளில் வரும் மன், மா, மஹ்மா, அய்னமா போன்றவையும் இன் வழியில்தான் போகும்: 'மன் யஸ்ரஃ யஹ்ஸுத்', விதைப்பவன் அறுப்பான்.

கடைசியை வெட்டும்போது நடுவிலும் ஒரு நெடில் சுருங்குவதைக் கவனியுங்கள். தகூலு என்பது 'தகூல்' ஆகாது, 'தகுல்' ஆகும். பன்மையில் தத்ருஸூன என்பது கடைசி 'ன'வை இழந்து 'தத்ருஸூ' என்று நிற்கும். இதெல்லாம் தலைவலி என்றால் இரண்டு பக்கமும் மாளி வையுங்கள்: 'இன் தரஸ்த நஜஹ்த.' இலக்கணப்படி குற்றமில்லை.

பதிலில் ஃபவை மறப்பது

நிபந்தனைக்குப் பதிலாக வரும் வாக்கியத்தின் முன்னால் சில இடங்களில் 'ஃப' ஒட்ட வேண்டும்; அந்த இடங்களின் ஏழு வகைப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். நான் வகுப்பில் சொல்லித்தருவது ஒரே சோதனை: பதில் வாக்கியத்தைத் தூக்கி இன்னுக்கு அடுத்து வைத்துப் பாருங்கள். அங்கே உட்காராவிட்டால் ஃப வேண்டும். 'அவரைக் கண்டால் சலாம் சொல்' என்பதில் பதில் ஏவல்வினை. 'இன் ஸல்லிம்' என்று சொல்ல முடியாது. ஆகவே 'இன் ரஅய்தஹு ஃபஸல்லிம் அலய்ஹி'. 'வந்தால் நீ என் விருந்தாளி' என்பதில் பதில் பெயரில் தொடங்குகிறது: 'ஃபஅன்த ளய்ஃபீ'. வருங்கால எதிர்மறை காட்டும் லன், வருங்காலம் காட்டும் ஸ, ஸவ்ஃப ஆகியவற்றில் தொடங்கும் பதிலுக்கும் இதே கதிதான். மேலே உள்ள வாக்கியத்தில் 'ஸதன்ஜஹு' என்று எழுத ஆசைப்பட்டால், 'இதா தரஸ்த ஃபஸதன்ஜஹு'.

லவ்வை நிஜமான நிபந்தனைக்கு வைப்பது

'லவ் தரஸ்த லநஜஹ்த' என்றால் படித்திருந்தால் தேறியிருப்பாய். படிக்கவில்லை என்று அர்த்தம். தேர்வுக்கு முந்தின நாள் யாரிடமும் சொல்லாதீர்கள். 'லவ் ஸமஹ்த்' என்று கடையில் கேட்டுப் பழகியதை வைத்து எல்லா இடத்திலும் லவ் போடவும் வேண்டாம். அது மரியாதைக்காக நிலைத்துவிட்ட தொடர்.

லவ்லாவுக்குப் பின் வினை

வராது. பெயர்ச்சொல்தான்: 'லவ்லல் மதரு லஸாஃபர்து', மழை மட்டும் இல்லையென்றால் பயணம் போயிருப்பேன்.