பதவி உயர்வுக்குப் பின் மூத்தவருக்கு நன்றிக் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொதுத்துறை வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, அதிகாரியாக முதல் பதவி உயர்வு பெறும் இளைஞர்கள், தங்களுக்குத் தொழில் கற்றுத் தந்த மூத்த அதிகாரிக்கு எழுதும் நன்றிக் கடிதத்தை அனுப்புமுன் என்னிடம் காட்டுவதுண்டு. எழுத்துப் பிழைகளை அவர்களே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

"உங்களால்தான் கிடைத்தது" என்று எழுதுவது

"தாங்கள் இல்லையென்றால் இந்தப் பதவி உயர்வு கிடைத்தே இருக்காது" என்ற வரியைப் பணிவு என்று எண்ணி எழுதுகிறார்கள். பதவி உயர்வை முடிவு செய்பவை எழுத்துத் தேர்வு, நேர்காணல், பணித்திறன் மதிப்பீடு ஆகியவை. பட்டியலில் இடம் கிடைக்காத ஒருவர் இந்த வரியைப் படித்தால், மூத்தவர் நேர்காணல் குழுவிடம் சொல்லிவைத்தார் என்றே எடுத்துக்கொள்வார். நான் அறிந்த ஓர் இளைஞர், "எனக்காக இவ்வளவு தூரம் முயன்றதற்கு நன்றி" என்று எழுதிக் கிளை முகவரிக்கே அனுப்பினார். கிளையில் தபாலைப் பிரித்தவர் அதைப் படித்தார். சில நாட்களில் வட்டார அலுவலகத்துக்குப் பெயரில்லாத புகார் ஒன்று போனது. அந்த மூத்தவர் செய்ததெல்லாம், மாலை வேளைகளில் அவரை உட்காரவைத்து மாதிரி நேர்காணல் நடத்தியது மட்டுமே. அதற்காக அவர் எழுத்துமூலம் விளக்கம் தர நேர்ந்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

இந்த வரியை நீக்கிவிட்டு, அவர் கற்றுத் தந்த ஒன்றை மட்டும் எழுதினால் போதும். உதாரணமாக: "ஒரு வீட்டுக் கடன் கோப்பில், மனையின் புதிய உட்பிரிவு எண்ணுக்கு மட்டுமே வில்லங்கச் சான்று இருந்தது. தாய்ப்பத்திரத்தில் உள்ள பழைய சர்வே எண்ணுக்கும் சான்று வாங்காவிட்டால், அந்த எண்ணில் பதிவான பழைய அடமானம் கண்ணில் படாமலே போய்விடும் என்று விளக்கினீர்கள். நேர்காணலில் சொத்து ஆவணங்களைப் பற்றிக் கேட்டபோது அந்தக் கோப்பை நினைத்தே பதில் சொன்னேன்." மூத்தவர் கற்றுத் தந்தது எது, அது எங்கே பயன்பட்டது என்பதை இந்த வரிகள் சொல்லிவிடுகின்றன. பதில் சொன்னவர் இளைஞர்தான் என்பதும் தெளிவாக இருப்பதால், யார் படித்தாலும் சந்தேகத்துக்கு இடமில்லை.

வாடிக்கையாளரின் பெயர், கணக்கு எண்

நன்றிக் கடிதத்திலும் கூடாது.

ஆணை வருமுன் எழுதுவது

தேர்ச்சிப் பட்டியல் வந்த அன்றே எழுதுவதைவிட, ஆணை கைக்கு வந்து, புதிய கிளையில் பொறுப்பேற்ற பிறகு எழுதுவது நல்லது. எந்தக் கிளை, கடன் பிரிவா காசாளர் மேற்பார்வையா என்பதை அறியத்தான் மூத்தவர் காத்திருப்பார்.

பரிசு இணைப்பது

வேண்டாம்.

மாற்றல் கேட்பது

பதவி உயர்வோடு பலருக்கும் வெளியூர் மாற்றலும் வருவதால், கடைசிப் பத்தியில் "சொந்த ஊர்ப் பக்கம் வர உதவுங்கள்" என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வரியால், மேலே சொன்ன நன்றி முழுவதும் கோரிக்கைக்கான முன்னுரையாகிவிடுகிறது. மாற்றல் விண்ணப்பத்தை வங்கியின் விதிப்படி தனியாக அனுப்புங்கள். நன்றிக் கடிதத்தை அவருடைய வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள்.