செய்தியாளருக்கு மின்னஞ்சல் எழுதுவது எப்படி? முள்ளு கத்திரிக்காயை வைத்து ஒரு செய்முறை

நாளிதழ் ஒன்றின் வேலூர் பதிப்பில் வேலை பார்த்த காலத்தில் ஊர்க்காரர்கள் அனுப்பும் மின்னஞ்சல்களைப் படிப்பது என் பொறுப்பாக இருந்தது. “எங்கள் ஊரைப் பற்றி எழுதுங்கள்” என்று கேட்டு வருபவைதான் அதிகம். எழுத வேண்டிய விஷயம் அவற்றில் பலவற்றில் உண்மையாகவே இருந்தது. ஆனால் அது நான்காவது பத்தியில் புதைந்து கிடக்கும், அல்லது அதை நிரூபிக்க ஒரு தாள்கூட இணைக்கப்பட்டிருக்காது. நல்ல செய்திகள் இப்படி வீணாவதைப் பார்த்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்திலுள்ள இலவம்பாடியின் முள்ளு கத்திரிக்காயை எடுத்துக்கொண்டு, ஒரு மின்னஞ்சலை முதலிலிருந்து கடைசி வரை உருவாக்கிப் பார்ப்போம். ‘வேலூர் முள்ளு கத்திரிக்காய்’ என்ற பெயருக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. நீங்கள் அந்தப் பகுதி விவசாயி என்றும், இதைப் பற்றி ஒரு செய்தி வர வேண்டும் என்று விரும்புகிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம்.

முதல் படி: கோணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

‘முள்ளு கத்திரிக்காயின் சிறப்பு’ என்பது வெறும் தலைப்பு. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள அதை மிஞ்சிய கத்திரிக்காய் இல்லை என்று நீங்கள் உருகி உருகி எழுதினாலும், இன்று அதை ஏன் அச்சிட வேண்டும் என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்காது. ‘புவிசார் குறியீடு கிடைத்தது’ என்பது செய்திதான், ஆனால் 2023இன் செய்தி. அதன் பிறகு என்ன நடந்தது என்பதில்தான் கோணம் இருக்கிறது.

இங்கே சட்டம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, பெயரைப் பதிவு செய்வது முதல் கட்டம் மட்டுமே. பதிவான பெயரைப் பயன்படுத்தும் தனியுரிமை ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று பதிவு செய்துகொண்டவருக்குத்தான் உண்டு. அந்தப் பகுதியில் பயிரிடும் விவசாயி அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி இது: பெயருக்குக் குறியீடு வந்துவிட்டது, அந்தப் பெயருக்கு உரிமை பெற்ற விவசாயிகள் எத்தனை பேர்?

கோணம் சரியாக அமைந்ததா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் வாக்கியத்தைப் பொய் என்று யாராவது நிரூபிக்க முடியுமா? ‘எங்கள் கத்திரிக்காய் உலகப் புகழ் பெற்றது’ என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. ‘உரிமை பெற்றவர்கள் இத்தனை பேர்தான்’ என்பதைப் பதிவேட்டைப் புரட்டிச் சரிபார்த்துவிடலாம். சரிபார்க்கக்கூடிய வாக்கியத்துக்குத்தான் செய்தியாளர் தன் நேரத்தைக் கொடுப்பார்.

இரண்டாம் படி: தகவல்களைத் தேடுங்கள், ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்

அதிக நாள் பிடிக்கும் வேலை இதுதான். மின்னஞ்சலின் பலமும் இதில்தான் இருக்கிறது.

புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. இந்தியா முழுமைக்கும் அது ஒன்றுதான். அதன் இணையப் பதிவேட்டில் முதலில் தேடுங்கள். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு போடுங்கள். மத்திய அரசு அலுவலகம் என்பதால் rtionline.gov.in தளத்திலேயே அனுப்பலாம். கட்டணம் 10 ரூபாய், பதில் தருவதற்கான கெடு 30 நாள். மனுவில் ‘ஏன் இவ்வளவு குறைவு?’ என்று கேட்காதீர்கள். காரணம் சொல்லும் கடமை தகவல் அலுவலருக்கு இல்லை என்பதால் அப்படிப்பட்ட கேள்விகள் தட்டிக் கழிக்கப்படும். ‘இந்தப் பதிவின்கீழ் இன்றுவரை பதிவு செய்யப்பட்ட பயனாளர்கள் எத்தனை பேர், ஆண்டுவாரியாக? நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள் எத்தனை?’ என்று ஆவணத்தில் இருப்பதை மட்டும் கேளுங்கள்.

இன்னொரு தகவலும் கைவசம் இருக்கட்டும். பயனாளராகப் பதிவு செய்வதற்கான விண்ணப்பக் கட்டணத்தை 2020ஆம் ஆண்டு விதித்திருத்தம் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தது. செலவு தடையாக இல்லாதபோதும் விவசாயிகள் பதிவு செய்யவில்லை என்றால், தடை வேறெங்கோ இருக்கிறது. செய்தியாளரை நிமிர்ந்து உட்கார வைப்பது இந்த முரண்தான்.

பிறகு சந்தைக்குப் போங்கள். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் முள்ளு கத்திரிக்காய் என்று சொல்லி விற்கும் காயைக் கையில் எடுத்துப் பாருங்கள். முள் காயின் உடம்பில் இருக்காது, காம்பிலும் காம்பை ஒட்டிய பச்சைத் தொப்பியிலும்தான் குத்தும். அதே நாளில் தோட்டத்தில் விவசாயிக்குக் கிடைத்த விலையையும் கடையில் விற்ற விலையையும் தேதியோடு எழுதிவையுங்கள். ஒரு நாள் விலையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கத்திரிக்காய் விலை வரத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். சில வாரங்களுக்கு ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் குறித்தால்தான் அது தகவல் ஆகும்.

ஓர் எச்சரிக்கை. முள் இருக்கிறது, இல்லை என்பதை வைத்துக் காய் எங்கே விளைந்தது என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. எந்தக் கடைக்காரரையும் போலி விற்கிறார் என்று மின்னஞ்சலில் எழுதாதீர்கள். ஆதாரமில்லாத ஒரு குற்றச்சாட்டு, ஆதாரமுள்ள மற்ற எல்லாவற்றின் மீதும் சந்தேகத்தை வரவழைத்துவிடும். அவதூறு வழக்குக்கும் அது வழி.

எண் கையில் கிடைத்த பிறகு கோணத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். விரல்விட்டு எண்ணும் அளவில்தான் பயனாளர்கள் என்றால் உங்கள் கேள்வி அப்படியே நிற்கும். நிறையப் பேர் என்றால் செய்தி வேறு: இத்தனை பேர் பதிவு செய்த பிறகு தோட்டத்து விலை உயர்ந்ததா? முதலில் நினைத்த கோணத்தைக் காப்பாற்ற எண்ணை மறைப்பவரின் அடுத்த மின்னஞ்சலை யாரும் திறக்க மாட்டார்கள்.

மூன்றாம் படி: யாருக்கு அனுப்புவது?

பொது முகவரிக்கு அனுப்பினால் குவியலில் போய்விடும். மாவட்டத்தில் விவசாயச் செய்திகளை எழுதுபவர் யார் என்று கடந்த சில மாதப் பக்கங்களைப் புரட்டிக் கண்டுபிடியுங்கள். ஒரே நேரத்தில் எல்லா நாளிதழ்களுக்கும் அனுப்ப வேண்டாம். இன்னொருவர் முந்திவிடுவார் என்று தெரிந்தால் யாரும் அதற்காக இலவம்பாடி வரை வண்டியை எடுக்க மாட்டார்கள்.

நான்காம் படி: எழுதுங்கள்

பொருள் வரியில் ‘முக்கியம்’, ‘அவசரம்’, ‘பணிவான வேண்டுகோள்’ எதுவும் வேண்டாம். கைப்பேசித் திரையில் முதல் சில சொற்கள்தான் தெரியும். அவற்றிலேயே விஷயம் வந்துவிட வேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன். எண்ணும் தேதியும் வர வேண்டிய இடங்களை வெற்றிடமாக விட்டிருக்கிறேன், உங்களுக்கு வந்த பதிலில் உள்ளதை மட்டுமே அங்கே நிரப்புங்கள்.

> பொருள்: முள்ளு கத்திரிக்காய்: குறியீடு 2023இல், உரிமை பெற்ற விவசாயிகள் ____ பேர்
>
> மதிப்பிற்குரிய ____ அவர்களுக்கு, வணக்கம்.
>
> வேலூர் முள்ளு கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைப் பயன்படுத்தும் சட்ட உரிமை பெற, விவசாயி அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்ய வேண்டும். ____ தேதி வரை அப்படிப் பதிவு செய்தவர்கள் ____ பேர் மட்டுமே என்று கிண்டிப் பதிவகம் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் எனக்குப் பதில் அளித்துள்ளது. நகல் இணைத்துள்ளேன்.
>
> விண்ணப்பக் கட்டணம் 2020 முதல் 10 ரூபாய்தான். அப்படியிருந்தும் பதிவு நடக்காததன் காரணத்தை நீங்கள் விசாரித்து எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை.
>
> இலவம்பாடியில் மூன்று விவசாயிகள் பெயருடன் பேசச் சம்மதித்துள்ளனர். ஒருவர் பதிவு செய்தவர். மற்றொருவர் விண்ணப்பித்துக் காத்திருக்கிறார். இன்னொருவர் இப்படி ஒரு பதிவு இருப்பதையே அறியாதவர். காலை அறுவடை நேரத்தில் வந்தால் தோட்டத்திலேயே பார்க்கலாம், படமும் எடுக்கலாம்.
>
> தோட்டத்திலும் சந்தையிலும் நான் குறித்த விலைகளைத் தனித் தாளில் வைத்துள்ளேன். தோட்டக்கலைத் துறையின் விளக்கத்தை நான் இன்னும் கேட்கவில்லை.
>
> நானும் முள்ளு கத்திரிக்காய் பயிரிடுபவன். இந்தச் செய்தியால் எனக்கும் பயன் உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.
>
> இந்த யோசனையை வேறு யாருக்கும் அனுப்பவில்லை. ____ தேதிக்குள் உங்கள் முடிவைச் சொன்னால் உதவியாக இருக்கும்.
>
> அன்புடன்,
> பெயர், ஊர், கைப்பேசி எண்

கடைசிப் பகுதியில் இரண்டு வரிகளைப் புதியவர்கள் விட்டுவிடுவார்கள். ஒன்று, தோட்டக்கலைத் துறையின் விளக்கம் இன்னும் இல்லை என்பது. மறுதரப்பைச் செய்தியாளர் எப்படியும் கேட்டாக வேண்டும், அந்த வேலை மீதி இருக்கிறது என்று நீங்களே சொன்னால் உங்கள் மற்ற வரிகளை அவர் நம்புவார். இன்னொன்று, உங்கள் சொந்த நலன். அதை மறைத்து, தோட்டத்துக்கு வந்த பிறகு அவர் தெரிந்துகொண்டால் செய்தி அங்கேயே நின்றுவிடும்.

மூன்று விவசாயிகளின் பெயரையும் எண்ணையும் மின்னஞ்சலில் போடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். செய்தியாளர் கேட்ட பிறகு, அவர்களிடம் சொல்லிவிட்டுக் கொடுக்கலாம். படங்களையும் அப்படியே. பெரிய கோப்புகளால் மின்னஞ்சலை அடைக்க வேண்டாம், மனுவுக்கு வந்த பதிலின் நகல் ஒன்று போதும்.

ஐந்தாம் படி: அனுப்பிய பிறகு

காலையில் அனுப்புங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்று சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்வு நாள் என்பதால் செய்தியாளர்கள் பலர் அங்கே இருப்பார்கள். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டத்துக்குச் சில நாள் முன்பு அனுப்புவது நல்லது. அதே கேள்வியை நீங்கள் கூட்டத்தில் எழுப்பப் போவதாக இருந்தால் அதையும் ஒரு வரியில் சேருங்கள், செய்திக்கு ஒரு தேதி கிடைத்துவிடும்.

பதில் இல்லையென்றால் மூன்று நான்கு நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். செய்தியாளர் தொலைபேசியில் அழைத்து “விழா எப்போது?” என்று கேட்டால், உங்கள் மின்னஞ்சல் அழைப்பிதழாகப் படிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம், முதல் பத்தியைத் திருத்துங்கள். “இதில் புதிதாக என்ன?” என்று கேட்டால் பதிவகத்தின் எண் பொருள் வரியில் கண்ணில் படவில்லை.

அச்சாவதற்கு முன் செய்தியைக் காட்டும்படி கேட்காதீர்கள், தர மாட்டார்கள். எண்களும் பெயர்களும் சரியா என்று தொலைபேசியில் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லலாம், அதில் தவறில்லை.

நீங்கள் குறித்த தேதி தாண்டியும் பதில் வராவிட்டால், எடுத்துக்கொள்ளவில்லை என்றே கொண்டு அடுத்தவருக்கு அனுப்புங்கள். அவர் சென்னையில் வேளாண் பக்கம் பார்ப்பவராக இருந்தால் மின்னஞ்சலை அப்படியே அனுப்பக் கூடாது. இலவம்பாடி அவருக்கு ஓர் உதாரணம் மட்டுமே. தமிழ்நாட்டில் குறியீடு பெற்ற வேறு இரண்டு விளைபொருள்களின் பயனாளர் எண்ணிக்கையையும் அதே பதிவேட்டில் எடுத்து, முள்ளு கத்திரிக்காயின் எண்ணோடு பக்கத்தில் வைத்து முதல் பத்தியை எழுதுங்கள்.