பிரிவென்டர் இருந்தும் மோட்டார் எரிவது ஏன்? வயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கோடையில் ஒரு கிணற்று மோட்டாரைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். 5 எச்.பி., டி.ஓ.எல். ஸ்டார்ட்டர். மோட்டார் கொட்டாய்க்குள் நுழையும்போதே காயில் கருகிய வாடை. பிரித்துப் பார்த்தால் மூன்று ஃபேஸ் காயிலில் இரண்டு கருகிக் கிடந்தன, மூன்றாவது புதிதுபோல் இருந்தது. ஸ்டார் கனெக்‌ஷனில் இப்படி எரிந்திருந்தால் மோட்டார் இரண்டு ஃபேஸில் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். டெல்டாவாக இருந்தால் ஒன்று மட்டும் கருகி, மற்ற இரண்டும் தப்பியிருக்கும்.

ஆனால் ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்த வேண்டிய பிரிவென்டர் பெட்டிக்குள் இருந்தது. பழுதும் இல்லை. மாட்டியவர் சோதித்துக் காட்டிவிட்டுத்தான் போனாராம். ஆர் ஃபேஸ் ஃபியூஸை எடுத்தார், ஸ்டார்ட்டர் விழுந்தது, எல்லோருக்கும் திருப்தி.

அந்தச் சோதனைதான் முதல் தவறு. ஸ்டார்ட்டரின் 415 வோல்ட் காயில் இரண்டு ஃபேஸில்தான் நிற்கும். இங்கே ஆர், பி இரண்டிலிருந்தும் எடுத்திருந்தார்கள். அதில் ஒன்று போனால் பிரிவென்டரே இல்லாவிட்டாலும் காயில் விட்டுவிடக்கூடும். மூன்றாவதான ஒய் போனால் காயிலுக்கு ஒன்றுமே தெரியாது. பிரிவென்டரின் வேலையே அங்கேதான் தொடங்குகிறது. அதனால் காயில் எந்த இரண்டு ஃபேஸில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், பிறகு மிச்சமிருக்கும் மூன்றாவதை அறுத்துச் சோதியுங்கள். மோட்டார் ஓடும்போது ஃபியூஸ் கேரியரைக் கையால் பிடுங்கக் கூடாது, தீப்பொறி கையில் அடிக்கும். மெயினை அணைத்துவிட்டு அந்த லைனில் மட்டும் ஒரு சிங்கிள் போல் எம்.சி.பி.யைத் தற்காலிகமாகச் சேர்த்து, மோட்டாரை ஓடவிட்டு, அதை ஆஃப் செய்து பார்க்கலாம்.

சரி, ஒய் போனபோது இந்தப் பிரிவென்டர் ஏன் பார்க்கவில்லை? அதன் மூன்று வயரையும் ஃபியூஸுக்கு மேலே, மெயின் சுவிட்சில் கோத்திருந்தார்கள். ஒய் ஃபியூஸ் போனாலும் மேலே மூன்று ஃபேஸும் ஒழுங்காக இருந்தன. ஃபியூஸுக்குக் கீழே, கான்டாக்டர் உள்ளே வாங்கும் டெர்மினலில் இருந்து எடுத்திருக்க வேண்டும்.

இடத்தை மாற்றினால் மட்டும் போதாது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரில் ஒரு ஃபேஸ் போனால், சுற்றும் ரோட்டார் அந்த விடுபட்ட காயிலிலும் வோல்டேஜை உண்டாக்கிவிடும். அது அசல் வோல்டேஜுக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கும். பேனலில் மஞ்சள் விளக்கு எரியும், டெஸ்டரும் எரியும். ஃபேஸ் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் மலிவான பிரிவென்டர் ரிலே இதில் ஏமாந்துபோகும். மூன்று ஃபேஸுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கும் ரிலேயாகக் கேட்டு வாங்க வேண்டும். அதன் அன்பேலன்ஸ் திருகை, அடிக்கடி விழுகிறதே என்று கடைசிவரை திருப்பி வைத்துவிட்டால் இதுவும் பழையபடிதான்.

இந்த நேரத்தில் உண்மையைச் சொல்வது, வயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் பார்க்கும் டாங் டெஸ்டர்தான். இந்த மோட்டார் முழு லோடில் சுமார் 7.5 ஆம்பியர் எடுக்கும். ஒய் போனால் அந்த வயரில் பூஜ்யம், மற்ற இரண்டிலும் ஏறத்தாழ 13. ஓவர்லோடு ரிலே அதைப் பிடித்திருக்கலாம். அதையும் 14-இல் வைத்திருந்தார்கள். மோட்டார் தகட்டில் போட்டிருக்கும் ஆம்பியரில்தான் வைக்க வேண்டும்.

கான்டாக்டரின் ஒரு பாயின்ட் தீய்ந்துபோனாலோ, மோட்டாருக்குப் போகும் கேபிளில் ஒரு வயர் அறுந்தாலோ, மேலே வோல்டேஜைப் பார்க்கும் ரிலேயை நம்ப முடியாது. போர்வெல் சப்மெர்சிபிளில் இது அடிக்கடி வரும். அங்கே மோட்டார் வயர்களைத் தன் ஓட்டைக்குள் நுழைத்து கரண்ட்டைப் பார்க்கும் பிரிவென்டர் வேண்டும். ஆனால் அது மோட்டார் ஓடத் தொடங்கிய பிறகுதான் அறியும். என்னைக் கேட்டால் ஆழமான போருக்கு இரண்டையும் மாட்டுவேன். பம்பை மேலே இழுத்து, காயில் கட்டி, திரும்ப இறக்கும் கூலியை நினைத்தால் இது சின்னச் செலவு.

கடைசியாக, ரிலேயின் கான்டாக்ட். காமனும் என்.ஓ.வும்தான் எடுக்க வேண்டும். மூன்று ஃபேஸும் சரியாக இருந்தால் மட்டும் அது சேரும். ரிலேயே செத்துப்போனாலும் விட்டுவிடும். அதை ஸ்டார்ட் பட்டனோடு சேர்க்கக் கூடாது. ஸ்டார்ட்டர் ஒருமுறை பிடித்ததும் ஹோல்டிங் பாயின்ட் வழியாகக் காயில் நின்றுவிடும், கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானே ஓட்டும் ஆட்டோ சுவிட்ச் போட்டாலும் அந்தப் பட்டனைத் தாண்டிப் போய்விடும். ஸ்டார்ட், ஹோல்டிங், ஆட்டோ மூன்றும் ஒன்றுசேர்ந்து காயிலுக்குப் போகும் அந்த ஒரே வயரை அறுத்து, நடுவில் கோர்க்க வேண்டும்.

அந்தக் கிணற்றில் காயில் கட்டி வந்த அன்று இப்படியே மாற்றினோம். ஒய் லைனை அறுத்ததும் சில விநாடிகளில் கான்டாக்டர் விழுந்தது. ஆட்டோவில் போட்டு மறுபடி அறுத்தோம், அப்போதும் விழுந்தது.