நான்கு வண்ணத் தாளில் ஒரு முகம்: கிழித்து ஒட்டும் கொலாஜ்

தோலுக்கு ஒரு நிறம், முடிக்கு ஒன்று, உதட்டுக்கு ஒன்று என்று தாள் எடுத்தால் பொம்மை முகம்தான் வரும். ஒருவரை அடையாளம் காட்டுவது முகத்தில் நிழல் விழும் வடிவம். அதைப் பிடிக்க நான்கு தாள் போதும். இங்கே உதாரணத்துக்கு, இடப்பக்க ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு பெண்ணின் முகம். தாள்கள் வெளிர்மஞ்சள், காவி, செங்கல் சிவப்பு, கருநீலம்.

முதலில் தாள்களைச் சோதியுங்கள். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போனில் கருப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். இரண்டு தாள்கள் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஒன்றை மாற்ற வேண்டும். காவியும் சிவப்பும் கண்ணுக்கு வேறு வேறாக இருந்தாலும் இந்தச் சோதனையில் அடிக்கடி ஒன்றாகிவிடும்.

அடுத்து புகைப்படம். நேராக ஃபிளாஷ் அடித்த படத்தில் நிழலே இருக்காது, அதை விட்டுவிடுங்கள். ஜிம்ப் மென்பொருளில் `Colors > Desaturate` வழியே நிறத்தை எடுத்து, `Gaussian Blur` மூலம் லேசாக மங்கலாக்கி, `Colors > Posterize` போய் அளவை 4 என வையுங்கள். படம் வெளிச்சத்திலிருந்து இருள்வரை நான்கு படிகளாகப் பிரியும், படிக்கு ஒரு தாள். மங்கலாக்காமல் விட்டால் தோலின் புள்ளிகள் எல்லாம் தனித்தனித் துண்டுகளாக வந்து நிற்கும்.

ஏ4 தாளில் தலை 18 செ.மீ. உயரம் வரும்படி அச்சிடுங்கள். அப்போது கருவிழி ஏறத்தாழ 1 செ.மீ. இருக்கும், விரலால் கிழிக்க முடிகிற அளவு அது. பாதியாகச் சுருக்கினால் கண்ணிலேயே வேலை நின்றுவிடும்.

அச்சுப்படத்தின் எல்லைக் கோடுகளை டிரேசிங் பேப்பரில் வரைந்து, அதன் மேல் விளிம்பை மட்டும் அடிஅட்டையில் டேப் போட்டு ஒட்டுங்கள். கதவுபோலத் தூக்கி, துண்டை உள்ளே வைத்து, இறக்கிப் பார்த்தால் இடம் சரியா என்று தெரிந்துவிடும். அரை செ.மீ. தள்ளி ஒட்டிய கண், ஆளையே மாற்றிவிடும்.

துண்டுகளைப் புதிர்ப்படம்போலப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தப் பார்க்காதீர்கள். கிழிந்த ஓரங்கள் ஒருபோதும் சேராது, இடையில் அட்டை பல்லிளிக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குங்கள். தலையும் கழுத்தும் முழுசாக வெளிர்மஞ்சளில். அதன்மேல், இடக்கன்னம், நெற்றி, மூக்குத்தண்டு ஆகிய வெளிச்சப் பகுதிகளை விட்டு மற்றதெல்லாம் காவி. காவியின்மேல் வலக்கன்னம், மூக்கடி, தாடையடி ஆகியவை செங்கல் சிவப்பு. கடைசியாக முடி, புருவம், மேலிமை, மூக்குத்துளை கருநீலம். துண்டின் நடுவே ஓட்டை போட நேர்ந்தால், அந்த வெளிச்சத் தீவைத் தனியாகக் கிழித்துக் கடைசியில் மேலே ஒட்டுவது எளிது.

இனி கிழிப்பது. கிழிக்க வேண்டிய கோட்டின் இருபக்கமும் கட்டைவிரல்களை நெருக்கி வைத்து, ஒவ்வொரு முறையும் அரை செ.மீ. மட்டும் நகருங்கள். நீளமாக இழுத்தால் தாள் தன் நார் ஓடும் திசைக்கே போய்விடும். நாரோடு கிழித்தால் ஓரம் நேராகவும், குறுக்கே கிழித்தால் கரடுமுரடாகவும் வரும். எந்தத் திசை எது என்பதை ஒரு மூலைத்துண்டில் பார்த்துவிடுங்கள். கருவிழி போன்ற சிறு வளைவுகளுக்கு, ஈரத் தூரிகையால் கோட்டை வரைந்து, நீர் ஊறியதும் மெல்லப் பிரியுங்கள்.

ஒருபுறம் மட்டும் வண்ணம் அச்சிட்ட தாளில், கிழிக்கும்போது இரண்டு பாதிகளில் ஒன்றுக்கு வெள்ளை ஓரம் வரும். இழுக்கும் திசையை மாற்றினால் அது மற்றப் பாதிக்குப் போகும். (உள்ளேயும் சாயம் ஏறிய தாளில் இது வராது.) இந்த வெள்ளைதான் இந்த வேலையின் அழகு, ஆனால் எல்லா இடத்திலும் விடக் கூடாது. முடியின் ஓரத்தில் அது ஒளிக்கீற்றாகத் தெரியும். கருவிழியைச் சுற்றி வந்தாலோ, முகம் பேயறைந்ததுபோல விழிக்கும். அங்கே வெள்ளையில்லாத பாதியைப் பயன்படுத்துங்கள். தவறி வந்துவிட்டால் அதே நிறப் பென்சிலால் ஓரத்தைத் தடவினால் மறையும்.

பசை பூசும் முன் எல்லாத் துண்டுகளையும் அடுக்கி, போனில் படம் எடுத்துச் சிறிதாக்கிப் பாருங்கள். ஜாடை வரவில்லை என்றால் பெரும்பாலும் குற்றம் மூக்கடி நிழலிலோ மேலிமையிலோதான் இருக்கும். அந்த ஒரு துண்டை மறுபடி கிழித்தால் போதும்.

பெரிய துண்டுகளுக்கு வெள்ளைப் பசையை மெல்லிசாக, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பூசுங்கள். கூடினால் தாளின் ஒரு முகம் மட்டும் ஈரத்தில் விரிந்து, துண்டு சுருண்டுகொள்ளும். சிறு துண்டுகளுக்கு க்ளூ ஸ்டிக்கும் ட்வீசரும். பொங்கியிருக்கும் கிழிசல் ஓரத்தில் பசை படாமல் 2 மி.மீ. விட்டுவிட்டால், ஓரம் லேசாகத் தூக்கி நின்று தன் நிழலைத் தானே போடும். முடிந்ததும் மேலே பட்டர் பேப்பர் விரித்து, கனமான புத்தகங்களை ஓர் இரவு ஏற்றி வையுங்கள்.