தைலவர் யார்? பிடிஎஃப் தமிழை நகலெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பழைய விழா மலரைத் திரும்ப அச்சிடும் வேலை என்னிடம் வந்தது. மூலக் கோப்பு யாரிடமும் இல்லை, பிடிஎஃப் மட்டும் இருந்தது. நகலெடுத்து ஒட்டினால் ஒரு வரி இப்படி வந்தது:

மைலக்குப் ேபான தைலவர் வழி ேகட்டார்.

பிடிஎஃப் பெரும்பாலும் எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்திருக்கும். ‘போ’ என்று பார்க்கும்போது இரட்டைக்கொம்பு முதலில், ‘ப’ அடுத்து, கால் கடைசியில். யூனிகோடு எதிர்பார்ப்பது உச்சரிப்பு வரிசை: முதலில் மெய்யெழுத்து, அப்புறம்தான் உயிர்க்குறி. இந்த வரிசை புரண்டால் கொம்பும் ஐகாரக் குறியும் ஓர் எழுத்து முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நான் செய்த முதல் தவறு, புள்ளி வட்டம் தெரிந்த இடங்களை மட்டும் கையால் திருத்தியது. ‘ேகட்டார்’ கண்ணை உறுத்தியது, ‘கேட்டார்’ ஆக்கினேன். ‘தைலவர்’ உறுத்தவில்லை. காரணம் எளிது. சொல்லின் தொடக்கத்தில் குறி வந்தால் அது ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லை, அதனால் வட்டம் தெரிகிறது. ‘தலைவர்’ என்ற சொல்லில் ‘ல’வின் ஐகாரம் முன்னால் நகர்ந்தால் ‘த’வோடு சமர்த்தாக ஒட்டிக்கொள்கிறது. மலை ‘மைல’, கடை ‘கைட’, நகை ‘நைக’ ஆகிவிடும், வட்டமே இருக்காது.

சரி, மீதியை நிரலை வைத்துத் திருத்தலாம் என்று போனது இரண்டாவது தவறு. கொம்பையும் அடுத்த எழுத்தையும் இடம் மாற்றும் நிரலுக்கு எது ஏற்கெனவே சரியானது என்று தெரியாது. நான் திருத்திவைத்த ‘கேட்டார்’ அதன் கையில் ‘கடே்டார்’ ஆனது. ஒரே நிரலை இரண்டு முறை ஓட்டினாலும் இதே கதிதான். அதனால் நகலெடுத்த உரையில் கைவைக்காமல் அப்படியே ஒரு கோப்பாகச் சேமியுங்கள். நிரலை ஒரே ஒரு முறை, அந்தக் கோப்பின் மேல் மட்டும் ஓட்டுங்கள்.

ஓட்டுமுன் ஒரு சோதனை. ஒரு பக்கத்தில் ‘ை’யில் முடியும் சொற்களைத் தேடுங்கள். அவனை, அதை, இல்லை என்று சரியான தமிழில் அவை நிறைய இருக்கும். முழுக்கப் புரண்ட உரையில் ஒன்றுகூட இருக்காது. இரண்டும் கலந்திருந்தால் அந்தப் பகுதியைப் பிரித்து வையுங்கள்.

```python
import re, unicodedata
t = open("a.txt", encoding="utf-8").read()
t = re.sub(r"([ெேை])(க்ஷ|[க-ஹ])", r"\2\1", t)
t = unicodedata.normalize("NFC", t)
open("b.txt", "w", encoding="utf-8").write(t)
```

மூன்றாவது வரி குறியை இடம் மாற்றுகிறது. நான்காவது வரி, தனித்தனியாக நிற்கும் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே ‘ொ’ அல்லது ‘ோ’ ஆக்குகிறது. இதை விட்டுவிட்டால் திரையில் ‘போன’ சரியாகவே தெரியும், ஆனால் தேடினால் கிடைக்காமல் போகலாம். இந்த இரண்டு வரிகளின் வரிசையை மாற்றினாலும் பயனில்லை, ஏனென்றால் ஆரம்பத்தில் கொம்புக்கும் காலுக்கும் நடுவே ‘ப’ நிற்கிறது.

ஔகாரத்தில் மட்டும் ஆசைப்படாதீர்கள். ‘கௌரவம்’ என்பதில் வலப்பக்கக் குறி பல பிடிஎஃப்களில் ‘ள’ எழுத்தாகவே வரும். எல்லாவற்றையும் ஒரே அடியாக ‘ௌ’ ஆக்கினால் ‘தெளிவு’ம் ‘வெள்ளி’யும் பாழாகும். கௌரவம், மௌனம், பௌர்ணமி என்று சொல் சொல்லாகத் தேடி மாற்றுவதுதான் வழி. எண்ணிக்கை குறைவுதான், பத்து நிமிட வேலை.

இதுவரை சொன்னது எழுத்துகள் இடம் மாறிய கதை. தொலைந்துபோன எழுத்து வேறு. கு, டி, மூ போன்றவற்றை எழுத்துரு ஒரே வடிவமாக வைத்திருக்கும். அந்த வடிவம் எந்த யூனிகோடு எழுத்துகளைக் குறிக்கிறது என்ற அட்டவணை பிடிஎஃப்புக்குள் அரைகுறையாக இருந்தால் ‘மலைக்குப்’ என்பது ‘மைலக்ப்’ என்று வரும். ‘க்ப்’ போல இரண்டு புள்ளியெழுத்துகள் பொருந்தாமல் அடுத்தடுத்து நின்றால் சந்தேகப்படுங்கள். இல்லாத எழுத்தை எந்த நிரலும் கொண்டுவராது, நிரப்ப நினைப்பது ஊகம்தான். அந்தப் பக்கத்தைப் படமாக்கி, எழுத்துணரியில் கொடுக்க வேண்டும்:

```
pdftoppm -r 300 -f 12 -l 12 -singlefile -png malar.pdf p12
tesseract p12.png p12 -l tam
```

இதற்கு டெசராக்டின் தமிழ்த் தரவும் நிறுவியிருக்க வேண்டும். வெளிவரும் உரை உச்சரிப்பு வரிசையிலேயே இருக்கும், அதன்மேல் மேலே உள்ள நிரலை ஓட்டிவிடாதீர்கள். பழைய அச்சில் ரகரமும் காலும் குழம்பும், மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும்.

ஒட்டியதும் `jkpo;` போல ஆங்கில எழுத்துகள் வந்தால் அது முறிவே அல்ல. பாமினி எழுத்துருவில் அதுதான் ‘தமிழ்’. அதற்குப் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவி போதும்.